கருமுடியில் சாயம் வெளிறி ஆரஞ்சாகிவிட்டது: இயல்பாகத் தெரியும் பழுப்புக்கு எப்படிக் கொண்டுவருவது?

தாழம்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் இயற்கையான முடி நல்ல கருப்பு. தோளுக்குக் கீழே நான்கு விரல் நீளம். ஏழு மாதங்களுக்கு முன்பு ஓர் அழகு நிலையத்தில் முடியை ப்ளீச் செய்து, அதன்மேல் ஆஷ் பிரவுன் சாயம் போட்டுக்கொண்டேன். முதல் ஆறு வாரங்கள் மிகவும் அழகாக இருந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி, செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தது போன்ற நிறத்துக்கு வந்துவிட்டது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, கடையில் 'லைட் ஆஷ் பிரவுன்' என்று எழுதியிருந்த பெட்டிச் சாயத்தை வாங்கி, வேர் முதல் நுனி வரை நானே போட்டுக்கொண்டேன். ஆரஞ்சு போகவில்லை. அதுமட்டுமல்லாமல், அதுவரை கருப்பாக வளர்ந்திருந்த வேர்ப்பகுதியும் செம்பு நிறமாகிவிட்டது. இப்போது என் தலையில் நான்கு நிறங்கள் இருக்கின்றன: உச்சியில் புதிதாக வளர்ந்த கருப்பு, அதன் கீழ் ஆறு சென்டிமீட்டருக்குச் செம்பு, நடுவில் ஆரஞ்சு, நுனியில் வெளிறிய மஞ்சள். பொன்னிறம் எனக்கு வேண்டாம். என் நிறத்துக்கும் கருப்புப் புருவத்துக்கும் பொருந்துகிற, பார்ப்பவர்கள் 'சாயமா?' என்று கேட்காத ஒரு பழுப்பு போதும். முழுவதும் கருப்புச் சாயம் போட்டு மூடிவிடவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

வெளிர்மேகம் எழுதியது:

இதற்கு இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை, தோழி. ஊதா ஷாம்பு வாங்குங்கள். நிறச்சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் நிறங்கள் ஒன்றை ஒன்று அணைத்துவிடும் என்பதுதான் இதன் அடிப்படை. என் முடி மஞ்சளாகிப் போனபோது, வாரம் இரண்டு முறை ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசினேன். மூன்றே வாரங்களில் சுத்தமான நிறம் வந்துவிட்டது.

தாழம்பூ எழுதியது:

அதையும் ஒரு மாதமாகப் பயன்படுத்திவிட்டேன். நுனியில் இருந்த மஞ்சள் கொஞ்சம் மங்கியது உண்மை. ஆனால் நடுப்பகுதி ஆரஞ்சில் எந்த மாற்றமும் இல்லை.

தண்ணீர்க்கணக்கு எழுதியது:

உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரில் தலை குளிக்கிறீர்கள்? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால், அதில் கரைந்திருக்கும் இரும்பு முடியில் படிந்து செந்நிறம் கொடுக்கும். வாளியின் உட்புறத்தில் துருப்பிடித்தது போன்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். படிவை நீக்குவதற்கென்றே இ.டி.டி.ஏ. கலந்த ஷாம்புகள் கிடைக்கின்றன. அதைச் செய்யாமல் எந்தச் சாயம் போட்டாலும் பணம் வீண்.

சாயக்கிண்ணம் எழுதியது:

நான் பதினாறு ஆண்டுகளாக முடிக்கு வண்ணமிடும் வேலையில் இருக்கிறேன். தாழம்பூவின் தலை போன்ற தலைகளை மாதத்துக்கு நான்கைந்து பார்க்கிறேன் என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த ஆரஞ்சு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்ல. அது உங்கள் சொந்த முடியின் நிறம். கருமுடியை ப்ளீச் செய்யும்போது கருமை முதலில் கரையும், சிவப்பும் மஞ்சளும் கடைசி வரை பிடிவாதமாக நிற்கும். பாதி வழியில் நிறுத்தினால் சிவப்பும், இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் ஆரஞ்சும், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்புறம் போன்ற மஞ்சளும் தெரியும். அந்த ஆரஞ்சின்மேல் போர்த்திய திரைதான் ஆஷ் சாயம். திரையில் இருக்கும் நீலச் சாயல்தான் அலசலில் முதலில் போகிறது. அது போனதும் அடியில் இருந்தது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஊதா ஷாம்பு ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வெளிர்மேகம் சொன்ன எதிர்நிறக் கணக்கு சரிதான். ஆனால் ஊதா அணைப்பது மஞ்சளை. ஆரஞ்சை அணைக்க நீலம் வேண்டும். அவருடைய முடி மஞ்சளாக இருந்ததால் அவருக்குப் பலித்தது. உங்களுடைய நுனி மஞ்சளாக இருப்பதால் அங்கே மட்டும் பலித்தது.

அடுத்தது பெட்டிச் சாயம். அதனுடன் வரும் டெவலப்பர் பெரும்பாலும் இருபது வால்யூம், அதாவது ஆறு சதவீதப் பெராக்சைடு. அது சாயத்தை ஏற்றுவதோடு நிற்காமல், சாயம் படாத கருமுடியின் கருமையையும் கொஞ்சம் கரைத்துவிடும். உச்சந்தலையின் சூடு அந்த வேலையை இன்னும் விரைவாக்கும். உங்கள் வேர்ப்பகுதி செம்பானது இதனால்தான். மாதம் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், முதல் ஐந்து மாத வளர்ச்சி நீங்கள் சொல்லும் ஆறு சென்டிமீட்டருக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது. மீண்டும் மீண்டும் இருபது வால்யூமில் ஆஷ் போடுகிறவர்கள், ஒவ்வொரு முறையும் அடியில் புதிய ஆரஞ்சைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

தண்ணீர்க்கணக்கு ஐயா சொன்னதும் பல வீடுகளில் உண்மைதான். ஆனால் தண்ணீர் மட்டுமே காரணம் என்றால், ஏழு மாதங்களாக நனைந்த நுனியில்தான் செந்நிறம் மிகுதியாக இருக்க வேண்டும். இங்கே நுனி மஞ்சளாகவும், இரண்டு மாதங்களுக்கு முன்பு சாயம் பட்ட வேர்ப்பகுதி செம்பாகவும் இருக்கின்றன. எனவே இது பெராக்சைடின் வேலை.

தண்ணீர்க்கணக்கு எழுதியது:

நுனி நுண்துளை மிகுந்தது. ஆகவே அங்கே எதுவும் நிலைத்து நிற்காது என்றும் வாதிடலாம் அல்லவா? நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். கோவைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். படிவு நீக்கும் ஷாம்புவை இரண்டு முறை போட்டுப் பார்ப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

சாயக்கிண்ணம் எழுதியது:

நட்டம் இல்லை; நானும் சாயமிடுவதற்கு முன் அதைச் செய்துவிடுவேன். படிவு இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

மருதோன்றி எழுதியது:

நானும் இதே தொல்லையில் இருக்கிறேன், அம்மா. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நரையை மறைக்க ஆறு ஆண்டுகளாக மருதாணி போடுகிறேன். நரைத்த முடியெல்லாம் பளீரென்று ஆரஞ்சாக நிற்கிறது. நீங்கள் சொல்லும் நீலச் சாயத்தை நானும் போட்டுக்கொள்ளலாமா? ப்ளீச் செய்து ஆரஞ்சை எடுத்துவிடலாம் என்று என் மருமகள் சொல்கிறாள்.

சாயக்கிண்ணம் எழுதியது:

அம்மா, உங்களுடையது வேறு ஆரஞ்சு. அது முடியின் உள்நிறம் அல்ல. மருதாணிச் சாயமே முடியின் புரதத்தோடு பிணைந்து நிற்கிறது. ப்ளீச் செய்தால் அது எளிதில் போகாது, முடிதான் நாராகும். தூய மருதாணி இலைப்பொடி மட்டும் போட்டிருந்தால், அதன்மேல் அவுரிப்பொடி போடும் பழைய முறையே உங்களுக்குப் போதும். நரை பழுப்பாகவோ கருப்பாகவோ மாறிவிடும். அவுரி போட்ட பிறகு எக்காரணம் கொண்டும் ப்ளீச் செய்யாதீர்கள், பச்சை தெரியக்கூடும்.

'கருப்பு மருதாணி' என்று பெயரிட்ட பாக்கெட்டுகளைப் போட்டிருந்தால் கதையே வேறு. அவற்றில் சில, மருதாணியின் பெயரில் வேதிச் சாயத்தையோ உலோக உப்பையோ கொண்டவை. உலோக உப்பு இருக்கும் முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறும், முடி உருகி அறுந்தும் போகலாம். சாயமிடப்போகும் நிலையத்தில், சீப்பில் உதிர்ந்த சில முடிகளைக் கொடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாழம்பூ, நீங்கள் எப்போதாவது மருதாணி போட்டதுண்டா? இதற்கு விடை தெரியாமல் நான் மேற்கொண்டு எழுத முடியாது.

தாழம்பூ எழுதியது:

கையில் மட்டும்தான், அக்கா. தலையில் போட்டதே இல்லை.

தண்ணீர்க்கணக்கு ஐயா சொன்னபடி படிவு நீக்கும் ஷாம்புவை வாங்கி இரண்டு முறை போட்டேன். முடியின் சொரசொரப்புக் குறைந்தது, நுனியில் இருந்த மங்கலும் போயிற்று. ஆனால் ஆரஞ்சு முன்பைவிடப் பளிச்சென்று தெரிகிறது!

சாயக்கிண்ணம் எழுதியது:

நல்லது. மேலே இருந்த மங்கல் விலகி, உண்மையான ஆரஞ்சு தெரிகிறது. இனி முடிவெடுக்கலாம்.

இந்த நிலையில் இரண்டு வழிகள் உண்டு. மறுபடி ப்ளீச் செய்து எல்லாவற்றையும் மஞ்சள் வரை ஏற்றி, அதன்மேல் வெளிர் ஆஷ் போடுவது ஒன்று. உங்கள் நுனி அதைத் தாங்காது. நீங்கள் கேட்பதும் அந்த நிறமல்ல. இரண்டாவது, இருக்கிற ஆரஞ்சுக்குச் சமமான ஆழத்தில் அல்லது ஒரு படி கருமையாக இறங்கி, குறைந்த வலுவுள்ள டெவலப்பரோடு அரைநிரந்தரச் சாயம் போடுவது. ஆரஞ்சைவிட வெளிறிய சாயம் ஆரஞ்சை மறைக்கவே மறைக்காது. பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

சாயக்குழாயில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண் ஆழம். ஒன்று கருப்பு, பத்து மிக வெளிறிய பொன்னிறம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல். பல நிறுவனங்களில் ஒன்று என்றால் ஆஷ், சுழி என்றால் நடுநிலை, மூன்று என்றால் பொன். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கணக்கு இல்லை என்பதால், அவர்களுடைய வண்ண அட்டையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் முடியை நீங்கள் விவரித்ததை வைத்துச் சொன்னால், செம்புப் பட்டை ஐந்தாம் ஆழம், நடு ஆரஞ்சு ஆறு, நுனி எட்டு.

இயல்பாகத் தெரிய வேண்டும் என்றால் ஆரஞ்சை முழுவதும் கொல்லக் கூடாது. முக்கால்வாசியை அணைத்தால் போதும். நம்மைப் போன்ற கருமுடிக்காரர்களின் பழுப்பில் எப்போதும் ஒரு சொட்டுச் செம்மை இருக்கும். வெறும் ஆஷ் போட்டால், கருப்புப் புருவத்துக்குப் பக்கத்தில் முடி மட்டும் புழுதி படிந்தது போல நிற்கும். அதனால் நான் ஆஷையும் நடுநிலையையும் சமபங்கு கலப்பேன்.

மூன்று கிண்ணங்கள் வேண்டும். முதல் கிண்ணத்தில் 4.0 இருபது கிராம், 5.1 இருபது கிராம். இது செம்புப் பட்டைக்கு. இரண்டாவதில் 6.1 முப்பது கிராம், 6.0 முப்பது கிராம், இது நடுப்பகுதிக்கு. மூன்றாவதில் 7.0 பதினைந்து கிராமும் 7.3 ஐந்து கிராமும். மஞ்சள் நுனியில் ஆஷ் போட்டால் நீலமும் மஞ்சளும் சேர்ந்து பாசி நிறமாகிவிடும். அதனால்தான் அங்கே ஆஷுக்குப் பதிலாகக் கொஞ்சம் பொன். எல்லாவற்றுக்கும் ஆறு அல்லது ஏழு வால்யூம் டெவலப்பர், சாயத்தின் எடைக்கு ஒன்றரை மடங்கு. குழாயில் இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

இரண்டு நாட்களுக்கு முன்பே காதின் பின்புறம் கொஞ்சம் தடவி ஒவ்வாமை பார்த்துவிடுங்கள். முன்பு சாயம் ஒத்துக்கொண்டது என்பது இப்போதும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதியாகாது. பிறகு ஒவ்வொரு கிண்ணத்தையும், கழுத்தின் பின்னால் மறைவாக இருக்கும் ஒரு கற்றையில் போட்டுப் பார்த்துவிட்டே தலை முழுவதும் போட வேண்டும்.

தாழம்பூ எழுதியது:

உச்சியில் இருக்கும் கருப்பை என்ன செய்வது, அக்கா?

சாயக்கிண்ணம் எழுதியது:

தொடவே கூடாது. அதுதான் உங்களுக்குக் கிடைத்த வரம். கருப்பிலிருந்து செம்புப் பட்டை அடர்பழுப்பாக இறங்கி, அங்கிருந்து நடுப்பழுப்பாக விரிந்தால், நிழல் விழுந்தது போல இருக்கும். மேலும், வேர் வளர வளர எல்லை தெரியாது.

கருப்பு முடியும் இடத்திலிருந்து முதல் கிண்ணத்தைத் தொடங்குங்கள். கீழ்முனையை நேர்கோடாக நிறுத்தாதீர்கள். ஒரு கற்றையில் ஒரு சென்டிமீட்டர், அடுத்ததில் மூன்று என்று ஏற்ற இறக்கமாக இழுத்துவிடுங்கள். உடனே இரண்டாவது கிண்ணத்தைப் போடுங்கள். இரண்டும் இருபது நிமிடம். மூன்றாவது கிண்ணத்தைக் கடைசி ஏழு நிமிடங்களுக்கு மட்டும் நுனியில் போடுங்கள். வெளுத்த நுனி பஞ்சு போலச் சாயத்தைக் குடிக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு கற்றையை ஈரத் துணியால் துடைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கிண்ணத்தில் தெரியும் நிறத்தையோ முடியின் மேல் படிந்திருக்கும் பசையின் நிறத்தையோ நம்பாதீர்கள். அது ஊதாவாகவும் கருநீலமாகவும் மாறிப் பயமுறுத்தும். ஈர முடி உலர்ந்ததைவிட ஒரு படி கருமையாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய செம்மை தெரியும்போதே அலசிவிடுங்கள்.

வெளிர்மேகம் எழுதியது:

இவ்வளவையும் வீட்டில் தனியாகச் செய்ய முடியுமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. மூன்று கிண்ணம், மூன்று நேரம், பின்தலை கண்ணுக்கே தெரியாது.

சாயக்கிண்ணம் எழுதியது:

நியாயமான கேள்வி. தனியாக முடியாது, பின்னால் நின்று பிரித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். ஆள் இல்லையென்றால் இந்தப் பதிவை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவதே மேல். இருபது வால்யூமில் கலக்கப் புறப்பட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

தாழம்பூ எழுதியது:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். சித்தி மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்தேன்.

ஒவ்வாமை எதுவும் இல்லை. சோதனைக் கற்றையில் இரண்டாவது கிண்ணம் இருபது நிமிடத்தில் சற்றுச் சாம்பலாகிவிட்டதால், தலையில் பதினைந்து நிமிடத்தில் அலசினேன். எல்.இ.டி. விளக்கில் பார்த்தபோது இன்னும் சாம்பலாகவே தெரிந்து நெஞ்சு படபடத்தது. மறுநாள் காலையில் முற்றத்தில் பார்த்தால் நல்ல காப்பிக்கொட்டைப் பழுப்பு. பட்டை இருந்த இடமே தெரியவில்லை. இடது காதின் மேலே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் செம்பு தங்கிவிட்டது. அங்கே கிளிப் மாட்டியிருந்ததை இருவருமே மறந்துவிட்டோம். நுனி நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகிவிட்டது.

சாயக்கிண்ணம் எழுதியது:

நுனியில் ஐந்து நிமிடம் என்று சொல்லியிருக்க வேண்டும். அது என் கணக்குப் பிசகு. ஆனாலும் நான்கைந்து அலசலில் அதுதான் முதலில் இளகும். காதருகே இருக்கும் கற்றைக்கு மட்டும் முதல் கிண்ணத்தை ஒரு தேக்கரண்டி கலந்து போட்டுவிடுங்கள்.

தாழம்பூ எழுதியது:

ஐந்தாவது வாரம். நடுப்பகுதியில் செம்மை மீண்டும் லேசாக எட்டிப் பார்க்கிறது. ஒன்றைக் கவனித்தேன். தினமும் வண்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கும் குதிரைவால் பகுதி, உள்ளே அடங்கியிருக்கும் பகுதியைவிடத் தெளிவாகச் சிவந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கும் வழக்கமும் எனக்கு உண்டு. எதை நிறுத்த வேண்டும்?

சாயக்கிண்ணம் எழுதியது:

வெயில் ஒரு காரணம் என்பதற்கு உங்கள் குதிரைவாலே சாட்சி. பின்னிக் கொண்டையாக முடிந்து துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். எண்ணெயை விட வேண்டாம். அந்த எண்ணெயைப் போக்கச் சீயக்காயை இரண்டு மூன்று முறை அரக்கித் தேய்ப்பதில்தான் சாயம் கழன்று போகிறது என்பது என் அனுபவம். குறைவான எண்ணெய், சல்பேட் இல்லாத ஷாம்பு ஒரே முறை என்று மாற்றிப் பாருங்கள்.

சாயம் இறங்குவதையே நிறுத்த முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை இரண்டாவது கிண்ணத்தை மட்டும் நடுப்பகுதியில் பத்து நிமிடம் போட்டால் போதும். நுனியை ஒன்றுவிட்டு ஒரு முறை தொடுங்கள்; இல்லையென்றால் சாயம் சேர்ந்து சேர்ந்து கருத்துவிடும்.

வெளிர்மேகம் எழுதியது:

இடையில் நீல ஷாம்பு போடலாமா? என் தோழி ஒருத்தி அதைப் போட்டு நுனி பச்சையாகிப் போனாள்.

சாயக்கிண்ணம் எழுதியது:

நடுப்பகுதியில் மட்டும், வாரம் ஒரு முறை, இரண்டு நிமிடம் போடலாம். மஞ்சள் நுனியில் நீலம் தங்கினால் பச்சைதான் வரும்; உங்கள் தோழிக்கு நேர்ந்ததும் அதுவே. நுனிக்கு முதலில் கண்டிஷனரைத் தடவி மூடிவிட்டு ஷாம்புவைப் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர்க்கணக்கு எழுதியது:

தாழம்பூ, ஒரு வேண்டுகோள். அடுத்த ஆறு வாரங்களுக்கு, கடைசி அலசலை மட்டும் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் செய்து பாருங்கள். அப்போதும் இதே வேகத்தில் சிவந்தால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

தாழம்பூ எழுதியது:

செய்கிறேன், ஐயா. தலையின் வலப்பக்கத்துக்குக் கேன் தண்ணீர், இடப்பக்கத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்தே அலசுகிறேன். ஆறாவது வாரம், சாயம் போடுவதற்கு முன்பு, இரண்டு பக்கத்தையும் முற்றத்து வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே போடுகிறேன்.